பொரித்த சிப்ஸில் மாவுச்சத்து கூடுமா?

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை நோய். 100 கிராம் வேகவைத்த உருளைக்கிழங்கில் மாவுச்சத்து 20 கிராம், பொரித்த சிப்ஸில் 53 கிராம் என்று படித்தேன். எண்ணெயில் மாவுச்சத்தே கிடையாதே, எப்படிக் கூடியது? ஓவனில் சுட்ட சிப்ஸ் வாங்கிக் கொடுத்தால் கொழுப்பு, மாவுச்சத்து இரண்டும் குறையுமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: கூடவில்லை, தண்ணீர்தான் போயிருக்கிறது. தோல் சீவிய பச்சைக் கிழங்கு 100 கிராம் எடுத்தால் அதில் 79 கிராம் தண்ணீர், மாவுச்சத்து 17 அல்லது 18 கிராம். கொழுப்பு 0.1 கிராம்தான். வேகவைத்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. சிப்ஸில் மிஞ்சும் தண்ணீரோ 2 கிராம் அளவுதான். ஆகவே 100 கிராம் சிப்ஸுக்குச் சுமார் 300 கிராம் பச்சைக் கிழங்கு வேண்டும். நீங்கள் படித்த 53 கிராம், அந்த 300 கிராம் கிழங்கில் ஏற்கெனவே இருந்த மாவுச்சத்து. புதிதாக வந்து சேர்ந்தது 34, 35 கிராம் எண்ணெய் மட்டும்.

சமைத்த பிறகு எடை போட்டு ஒப்பிடுவதால்தான் இந்தக் குழப்பம். ஒரே 300 கிராம் கிழங்கை மூன்று விதமாகச் செய்து பாருங்கள். வேகவைத்தால் கொழுப்பு அரை கிராம்கூட இல்லை, மொத்தம் 230 கலோரி. மெல்லிசாகச் சீவி, இரண்டு டீஸ்பூன் எண்ணெய் (9 கிராம்) தடவி ஓவனில் மொறுமொறுப்பாகச் சுட்டால் 310 கலோரி அளவு. வாணலியில் பொரித்தால் 35 கிராம் கொழுப்பு, 535 கலோரி. மூன்றிலும் மாவுச்சத்து அதே 52, 53 கிராம்தான்.

ஓவன் சிப்ஸைப் பற்றிய உங்கள் எதிர்பார்ப்பு பாதிதான் சரி. 300 கிராம் கிழங்கு சுட்ட பின் எண்ணெயோடு சேர்த்துச் சுமார் 75 கிராம் நிற்கும். அதை 100 கிராமுக்குக் கணக்கிட்டால் கொழுப்பு 12 கிராம், மாவுச்சத்து 70 கிராம்! பொரித்த சிப்ஸைவிட அதிகம். எண்ணெய் அடைத்திருந்த இடத்தையும் இங்கே கிழங்கே எடுத்துக்கொள்கிறது. எண்ணெயே இல்லாமல் காயவைத்தால் 80 கிராமை நெருங்கும். கடையில் ‘சுட்டது, எண்ணெய் குறைவு’ என்று வரும் பாக்கெட்டின் பின்பக்க அட்டவணையில் மாவுச்சத்து 70-ஐத் தாண்டியிருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். ‘எண்ணெய் குறைவுதானே’ என்று கூட ஒரு கைப்பிடி கொடுத்தால் சர்க்கரைக்கு அது கெடுதல்.

வீட்டில் செய்யும் உருளைக்கிழங்கு ரோஸ்ட் வேறு ரகம், அதில் தண்ணீர் நிறைய மிஞ்சும். அரைக் கிலோ கிழங்குக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் (27 கிராம்) விட்டு, இறக்கும்போது எடை 400 கிராம் இருந்தால், 100 கிராமுக்கு மாவுச்சத்து 22, கொழுப்பு 7 கிராமுக்குச் சற்றுக் குறைவு. எண்ணெயை வாணலியில் கண்ணளவாகச் சாய்க்காமல் ஸ்பூனால் அளந்து விட்டால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

சிப்ஸ் பொரித்தே ஆக வேண்டும் என்றால், எண்ணெய் எப்போது உள்ளே போகிறது என்று தெரிந்திருப்பது நல்லது. கொதிக்கும்போது உள்ளிருந்து நீராவி வெளியே தள்ளுவதால் எண்ணெய் அவ்வளவாக நுழையாது. வெளியே எடுத்ததும் நீராவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயைத் துளைகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் எடுத்த கையோடு ஜல்லிக்கரண்டியில் வைத்து வாணலிக்கு மேலேயே நன்றாக உதறி, சூடாக இருக்கும்போதே காகிதத்தில் பரப்புங்கள். ஆறிய பிறகு ஒற்றினால் பயன் குறைவு. தண்ணீர் அதிகமுள்ள புதுக்கிழங்கு கூடுதலாக எண்ணெய் குடிக்கும். சீவலைக் கழுவிய பின் துணியில் ஈரம் போக ஒற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் 170, 180 டிகிரியில் இருந்த எண்ணெய் சட்டென்று சூடு இறங்கி, சீவல் நெடுநேரம் ஊறித் துவண்டுவிடும். எவ்வளவு குடித்தது என்று அறிய, பொரிக்கும் முன்னும் ஆறிய பின்னும் எண்ணெயை வாணலியோடு எடை போடுங்கள். காகிதத்தில் ஒட்டியது போக, குறைந்த எடை சிப்ஸுக்குள் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிப்ஸ் தின்ற பிறகு குளுக்கோமீட்டரில் எண் உடனே அவ்வளவு ஏறாமல் இருக்கலாம். ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றும் என்று காட்டும் கிளைசிமிக் எண், வேகவைத்த கிழங்குக்கு 78 அளவில், சிப்ஸுக்கு 56 அளவில். கொழுப்பு வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவது அதற்கு ஒரு காரணம். மாவுச்சத்து குறைந்துவிட்டது என்று அர்த்தமல்ல, கலோரியும் உடம்பில் சேரத்தான் செய்யும்.

உங்கள் கணவருக்கு ஒரு வேளைக்கு எத்தனை கிராம் மாவுச்சத்து என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பச்சைக் கிழங்காக எடை போட்டு எடுங்கள். 90 கிராம் கிழங்கு என்றால் 16 கிராம் மாவுச்சத்து. அதை வேகவைத்தால் ஒரு சின்னக் கிண்ணம் பொரியல், பொரித்தால் 30 கிராம் சிப்ஸ், கூடவே 10 கிராம் எண்ணெய். கிழங்கு எடுக்கும் வேளையில் சோற்றை அதற்கேற்பக் குறைத்துப் பரிமாறுங்கள்.