நெட் இல்லாமல் லேனில் ஓப்பன்அரீனா

"ஹாஸ்டல் ரூமில் ஆறு பழைய லேப்டாப், ஒரே வைஃபை, நெட் கிடையாது. ஓப்பன்அரீனா கேமில் சர்வர் போட்டால் மற்றவர்களுக்கு லிஸ்டில் வரவே மாட்டேங்குது."

பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வால் வேலைதான் நண்பா. சர்வர் போடும் லேப்டாப்பில் அந்த வைஃபையை Public-இலிருந்து Private-ஆக மாற்றிவிட்டு, ஃபயர்வாலில் கேமுக்கு அனுமதி கொடுங்கள். அப்புறம் லிஸ்டையே நம்ப வேண்டாம், அதே லேப்டாப்பில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து `ipconfig` அடித்தால் வரும் IPv4 எண்ணை மற்றவர்கள் கேமுக்குள் Esc-க்குக் கீழே உள்ள `~` கீயை அழுத்தி இப்படி அடிக்கட்டும் (எண் உங்களுடையது):

```
/connect 192.168.43.5
```

அப்படியும் சேரவில்லை, `ping` கூடப் போகவில்லை என்றால் ரவுட்டரே லேப்டாப்புகளை ஒன்றுக்கொன்று பேசவிடாமல் பிரித்து வைத்திருக்கலாம், ஹாஸ்டல் வைஃபையில் இது சகஜம். ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு எல்லோரும் அதில் சேருங்கள், டேட்டா தேவையில்லை. எல்லோரிடமும் ஒரே வெர்ஷன் இருக்கட்டும், ஒரே பென்டிரைவிலிருந்து காப்பி செய்தால் அந்தத் தலைவலியும் இல்லை.