ஸ்டிக்கரை உரித்தால் என்ன தெரியும்?

"அண்ணா, ஹட்டனில் சின்னதாக ஒரு த்ரீவீலர் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். கொழும்பிலிருந்து வேனில் வருகிற ஒருவர் பிரேக் ஷூ தருகிறார். பெட்டியில் இருக்கும் ஹொலோகிராம் ஸ்டிக்கர் பழைய ஏஜென்ட் தந்த பெட்டியில் இருந்ததைவிட நன்றாகவே மின்னுகிறது, விலை மட்டும் குறைவு. ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

மின்னுவதற்கு மார்க் போடாதீர்கள் தம்பி. அந்த வானவில் நிறம் வருவது பிளாஸ்டிக் படலத்தில் அழுத்திப் பதித்த மிக நுண்ணிய வரிகளாலும் அதற்குப் பின்னால் பூசிய மெல்லிய அலுமினியத்தாலும்தான். ஒரு மில்லிமீற்றருக்குள் ஏறத்தாழ ஆயிரம் வரிகள், ஆனால் அவற்றுக்கான நிக்கல் அச்சு ஒரு தடவை தயாராகிவிட்டால் அதை வைத்து ரோல் ரோலாக அடித்துத் தள்ளலாம். 1984 மார்ச்சிலேயே நேஷனல் ஜியோகிரஃபிக் தன் அட்டையில் ஹொலோகிராம் ஒட்டி இலட்சக்கணக்கில் விற்றது, அப்போதே அந்தளவுக்கு மலிவாகிவிட்ட சங்கதி. இன்றைக்கு 'ஜெனியூன்', 'ஒரிஜினல்' என்று அச்சடித்த மின்னும் ஸ்டிக்கர் யார் கேட்டாலும் ரோலாகக் கிடைக்கும். இன்னொன்று, டூப்ளிகேட் பல சமயம் அதிகமாகவே மின்னும். சாதாரண வானவில் படலத்தில் முழுப் பரப்பும் ஒரே மாதிரி ஒளியைச் சிதறடிக்கும், அதன்மேல் கம்பனியின் சின்னத்தை மையால் அடித்துவிடுவார்கள். ஒரிஜினலில் சின்னமே அந்த வரிகளால் ஆனது. கடை டியூப் லைட்டில் இரண்டுமே ஒன்றுபோல் தெரியும். லைட்டை அணைத்துவிட்டு போன் டோர்ச்சை மட்டும் அடித்துப் பெட்டியைச் சாய்த்துப் பாருங்கள்: சின்னம் மாறாமல் நிற்க, பின்னால் நிறம் மட்டும் ஓடினால் சந்தேகப்படலாம். ஆனாலும் அதை வைத்து முடிவு சொல்ல முடியாது, நல்ல அச்சு வைத்திருக்கும் திருடனும் இருக்கிறான்.

முடிவு சொல்வது உரிக்கும்போது நடப்பதுதான். ஸ்டிக்கரின் மேல்பக்கம் தெளிவான பொலியெஸ்டர் படலம், அதன் கீழே படம் பதித்த அரக்குப் படை, அதன் கீழே அலுமினியம், கடைசியில் பசை. பாதுகாப்பு ஸ்டிக்கரில் மேல் படலத்துக்கும் படப் படைக்கும் நடுவே எளிதில் விட்டுவிடும் ஒரு பூச்சைக் குறிப்பிட்ட டிசைனில் மட்டும் அடித்திருப்பார்கள். கல்லில் சில இடத்தில் எண்ணெய் தடவி, சில இடத்தில் தடவாமல் தோசை ஊற்றின மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சு உள்ள இடத்தில் வெள்ளிப் படம் பெட்டியோடு நின்றுவிடும், இல்லாத இடத்தில் படலத்தோடு போய்விடும். பெட்டியில் ஒரு பாதி, கையில் மறு பாதி. அதைத் திரும்ப ஒட்டிச் சரிக்கட்ட முடியாது. டூப்ளிகேட் அடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த வேலைக்குப் போவதில்லை. தனியாக ஒரு பூச்சு, அதற்கு இன்னொரு அச்சு, அதைவிடப் பலமாகப் பெட்டியைப் பிடிக்கிற பசை என்று செலவு ஏறும், வெளியே இருந்து பார்க்கிற வாடிக்கையாளருக்கோ அது தெரியப் போவதும் இல்லை.

முதலில் பழைய ஏஜென்டிடம் பில்லோடு வாங்கிய பெட்டி ஒன்றை எடுங்கள். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, படலத்தை அதன் மேலேயே மடித்து, ஒரே வேகத்தில் மெதுவாக இழுங்கள். கட்டம் கட்டமாகவோ தேன்கூடு மாதிரியோ சின்ன எழுத்தாகவோ வெள்ளி பெட்டியில் நின்றால் அதுதான் உங்கள் மாதிரி. கையில் வந்த படலத்தையும் பெட்டியிலிருந்து வெட்டிய துண்டையும் ஒரு வெள்ளைத் தாளில் தெளிவான டேப்பால் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேன்காரர் தரும் பெட்டியில் அதையே செய்யுங்கள். ஸ்டிக்கர் முழுசாக, வெள்ளியெல்லாம் படலத்திலேயே இருக்க, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் அது சாதாரண மின்னும் ஸ்டிக்கர். பெட்டியில் வெறும் பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சும். மாதிரியும் இதுவும் இப்படி வேறு வேறாக உரிந்தால் இரண்டும் ஒரே இடத்தில் செய்ததல்ல.

சரி, உரிக்கும்போது 'வொய்ட்', அதாவது செல்லாது என்று பொருள்படும் VOID என்ற ஆங்கிலச் சொல், பெட்டியில் நின்றால் போதுமா? போதாது. அந்தச் சொல் விழுகிற ஸ்டிக்கரும் ரோலாக விற்கிறது. மாதிரியில் நின்ற டிசைனும் அதன் அளவும் அப்படியே வருகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதிரியில் தேன்கூடு, இதில் 'வொய்ட்' என்றால் விஷயம் முடிந்தது.

இன்னொரு தந்திரம், ஒரிஜினல் ஸ்டிக்கரையே பழைய பெட்டியிலிருந்து எடுத்து வேறு பெட்டியில் ஒட்டுவது. முடி காய வைக்கும் மெஷினால் சூடு காட்டினால் பசை இளகும், சில ஸ்டிக்கர் அப்படியே கழன்று வந்துவிடும். நல்ல பாதுகாப்பு ஸ்டிக்கர் இதற்கு இடம் கொடுக்காமல் உள்ளே உடையும், உடைந்த கோடுகள் டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டினால் தெரியும். ஓரம் அலை அலையாக இருந்தாலோ, உள்ளே அட்டையின் நார் சிக்கியிருந்தாலோ, ஸ்டிக்கருக்கு வெளியே பழைய பசையின் தடம் தெரிந்தாலோ அந்தப் பெட்டியைத் தள்ளி வையுங்கள். ஒட்டியிருக்கும் இடமும் முக்கியம். மூடியும் பெட்டியும் சேரும் வாயில் குறுக்கே இல்லாமல் பெட்டியின் முகத்தில் மட்டும் ஒட்டியிருந்தால், ஸ்டிக்கர் நூறு வீதம் ஒரிஜினலாக இருந்தாலும் உள்ளே இருக்கும் ஷூவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பொலித்தீன் சுற்றின்மேல் ஒட்டியதும் அதே கதிதான், சுற்றோடு சேர்ந்து வந்துவிடும்.

நம் பக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. பனி மூட்டக் காலையில் குளிரில் விறைத்த பெட்டியை உரித்துவிட்டு வேன்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். குளிரில் பசை இறுகிவிடும், அட்டை ஈரம் பிடித்திருக்கும், ஒரிஜினல் ஸ்டிக்கரும் முழுசாகக் கழன்று வரலாம். பெட்டியை வெதுவெதுப்பான அறைக்குள் வைத்து, தொட்டால் குளிர் தெரியாத அளவுக்கு வந்தபின் பாருங்கள். சொரசொரப்பான மலிவு அட்டையில் டிசைன் வருமுன்பே அட்டையே கிழிந்து ஸ்டிக்கரோடு வரும், அதை வைத்து ஒரிஜினல் என்றும் சொல்ல முடியாது, டூப்ளிகேட் என்றும் சொல்ல முடியாது. அப்போது வேறு பெட்டி ஒன்றை எடுத்துப் பாருங்கள், முடிந்தால் வழவழப்பான முகத்தில் ஒட்டியதை.

உரித்தால் அந்தப் பெட்டி கெட்டுப் போகும் என்பதால் காசு கொடுக்கும் முன்பு, அவர் கண்முன்னே, கார்ட்டனுக்கு ஒன்று என்று நீங்களே எடுத்து உரியுங்கள், அவர் நீட்டுவதை வேண்டாம் என்று சொல்லுங்கள். சரியானது என்று தெரிந்தால் அந்த ஒன்றை நீங்களே விலைக்கு எடுத்துக்கொள்ளலாம், உரிக்க விடமாட்டேன் என்றால் சரக்கை இறக்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கியதில் பிழை தெரிந்தால் பில்லையும் உரித்த துண்டுகளையும் பத்திரமாக வைத்துக்கொண்டு நுகர்வோர் விவகார அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பில் தராமல் விற்கிறவர் என்றால் அங்கே பேசுவது கஷ்டம், ஆகவே அடுத்த தடவை பில்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் ஸ்டிக்கருக்கு வாருங்கள்.