"இப்போது வேண்டாம்" என்பதை இரண்டே வரியில் சொல்லுங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் இருந்து ஒரு பாட்டில் கம்பெனிக்காரர், நான் கேட்காமலேயே வாட்ஸப்பில் ரேட் அனுப்பினார். வாய் அகலமான பாட்டில், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது வேண்டாம், அடுத்த வருடம் தேவைப்பட்டாலும் படலாம். "பார்க்கலாம்" என்று சொன்னேன். வாரம் தவறாமல் போன் வருகிறது. மனம் கோணாமல் எப்படி நிறுத்துவது?

பதில்: விற்பனைக்காரர் கையில் ஒரு பட்டியல் இருக்கும். வேண்டாம் என்றவரின் பெயரை அடித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். பார்க்கலாம் என்றவரின் பெயருக்கு எதிரே அடுத்து கூப்பிட வேண்டிய தேதியை எழுதிக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு மாதக் கணக்கு இருக்கிறது. பதிலே போடாமல் விட்டாலும் கதை இதுதான், இன்னொரு தடவை முயற்சி செய்வார். அதனால் வேண்டாம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். எந்தக் காரணத்தோடு சொல்கிறீர்கள் என்பதில்தான் கவனம் தேவை.

பெரும்பாலானவர்கள் வாயில் முதலில் வருவது "ரேட் கட்டுபடியாகாது" என்பது. உங்கள் விஷயத்தில் அது உண்மையான காரணமும் இல்லை. அதைச் சொன்ன மறு நிமிடம் ஐம்பது பைசா குறைத்து இன்னொரு ரேட் வரும். அதையும் மறுத்தால் அவருக்கு வருத்தம், ஒத்துக்கொண்டால் உங்களுக்குச் சரக்கு தேங்கும். இப்போது வாங்கும் இடத்தின் ரேட்டையும் பேச்சுவாக்கில் சொல்லிவிடாதீர்கள். நாளைக்கு இவரிடமே பேரம் பேசும்போது அந்த எண்ணில்தான் வந்து நிற்பார்.

அவர் எதிர்வாதம் பேச முடியாத ஒரு உண்மைக் காரணத்தைத் தேடுங்கள். எண்ணெய் மில்லில் அது கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். உங்கள் லேபிள், அட்டைப்பெட்டி எல்லாம் இப்போதைய பாட்டிலின் அளவுக்கு அச்சடித்து வாங்கியவை. பாட்டிலின் சுற்றளவு மாறினால் அந்த லேபிள் ஒட்டாது, உயரம் மாறினால் பெட்டி மூடாது. கையிருப்பு தீரும்வரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நீங்கள் மாற முடியாது. இது தொழில் தெரிந்த அவருக்கு ஒரே வரியில் புரிந்துவிடும். கையிருப்பு உண்மையிலேயே இருந்தால் மட்டும் இதைச் சொல்லுங்கள். சிறிய ஊர், லேபிள் அடிக்கும் பிரஸ்காரர் அவருக்கும் தெரிந்தவராக இருக்கலாம்.

செய்தி இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம் சார். ரேட், படம் இரண்டும் பார்த்தேன், நன்றி. இப்போதுள்ள பாட்டிலுக்கு லேபிளும் பெட்டியும் கையிருப்பு இருப்பதால் இந்த வருடம் மாற்றுவதாக இல்லை. மாற்றும்போது நானே கூப்பிடுகிறேன், உங்கள் நம்பரைப் பதிந்து வைத்திருக்கிறேன்."

"நானே கூப்பிடுகிறேன்" என்ற இடத்தை விட்டுவிடாதீர்கள். அடுத்த போன் யார் செய்வது என்பது அதில் முடிவாகிவிடுகிறது. "ஓணம் கழியட்டும்" என்று தவணை சொன்னால் ஓணம் முடிந்த மறுநாள் காலையில் போன் வரும், சொன்னது நீங்கள்தானே. அதற்கு மேலும் கூப்பிட்டால் புதுக் காரணம் எதுவும் சேர்க்காமல், "சார், அன்றைக்குச் சொன்னதுதான். நானே கூப்பிடுகிறேன்" என்று முடித்துவிடுங்கள். காரணம் கூடக்கூடப் பேச்சும் நீளும்.

நேரில் மில்லுக்கே வந்துவிட்டால் டீ கொடுங்கள், இதே இரண்டு வரியைச் சொல்லுங்கள். "ரெண்டு பெட்டி சும்மா வைத்துவிட்டுப் போகிறேன், ஓட்டிப் பாருங்கள்" என்பார். அதற்கு மட்டும் இடம் கொடுக்க வேண்டாம். இறக்கிய சரக்குக்கு நீங்கள் டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டால், அப்புறம் பில்லும் கணக்கும் தொடங்கிவிடும். ஒரே ஒரு காலி பாட்டிலை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பாட்டில் உங்களுக்குத் தேவைப்படும் காலம் வரும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். மார்கழிக் காலையில் குறுகிய வாய் பாட்டிலில் இருந்து எடுக்க முடியவில்லை என்று வாடிக்கையாளர்கள் சொல்லத் தொடங்கினால் அகல வாய்க்குத்தான் போக வேண்டும். அதனால் அவர் அனுப்பிய ரேட்டை அழிக்காதீர்கள். தேதி, பாட்டிலின் கொள்ளளவு, காலி எடை எத்தனை கிராம், மூடி சேர்த்தா தனியா, குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும், கோயம்புத்தூரில் இருந்து மில் வரைக்கும் வண்டி வாடகை யாருடையது, இவற்றைக் குறித்து வையுங்கள். பிளாஸ்டிக் மூலப்பொருளின் விலை ஏறி இறங்குவதால் பழைய ரேட்டைப் பிடித்துக்கொண்டு பேச முடியாது. ஆனால் கிராம் கணக்கு கையில் இருந்தால், புது ரேட்டில் அவர் விலையை ஏற்றினாரா, பாட்டிலை மெலிதாக்கினாரா என்பது தெரிந்துவிடும்.

லேபிள் தீரும் தறுவாயில், புதிதாக அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்பே அவரைக் கூப்பிடுங்கள். அச்சடித்த பிறகு கூப்பிட்டால் இன்னொரு வருடம் தள்ளிப் போகும்.