ஜெர்மனில் கெர்ன், லீபர், அம் லீப்ஸ்டன்

“வேகமாக, அதைவிட வேகமாக, எல்லாவற்றையும்விட வேகமாக என்பதற்கு ஷ்னெல், ஷ்னெல்லர், அம் ஷ்னெல்ஸ்டன் என்பது புரிகிறது. நல்லது என்னும் கூட், விருப்பத்தோடு என்னும் கெர்ன், நிறைய என்னும் ஃபீல் மட்டும் ஏன் முழுசாக மாறுகின்றன?”

வெவ்வேறு வேர்ச்சொற்கள் ஒரே வரிசையில் சேர்ந்துவிட்டதால்தான். கூட், பெஸ்ஸர், அம் பெஸ்டன்; ஃபீல், மேர், அம் மைஸ்டன். இவற்றை மனப்பாடம் செய்துவிடலாம்.

கெர்ன்தான் அதிகம் குழப்பும். அது வினையோடு சேர்ந்து ‘விருப்பத்தோடு’ என்று பொருள் தரும். ‘இஷ் ட்ரிங்க கெர்ன் டே’ என்றால் எனக்குத் தேநீர் குடிக்கப் பிடிக்கும். காபி அதைவிடப் பிடித்தால் ‘இஷ் ட்ரிங்க லீபர் கஃபே’. எல்லாவற்றையும்விடத் தண்ணீர்தான் என்றால் ‘அம் லீப்ஸ்டன் ட்ரிங்க இஷ் வாஸர்’. வினை இரண்டாம் இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதால் இஷ் பின்னால் போகிறது. லீபருக்குப் பதில் பெஸ்ஸர் போட்டால், விருப்பம் போய், காபி குடிப்பதுதான் நல்லது என்று சொல்வதுபோல் ஆகிவிடும்.

அப்புறம், மேர் எந்த விகுதியும் ஏற்காது. இன்னும் அதிகப் பணம் என்றால் ‘மேர் கெல்ட்’, அவ்வளவுதான்.