சிறுநீரில் குளுக்கோஸ் 3+: நோயின் வேலையா, மாத்திரையின் வேலையா?

கேள்வி: எனக்கு வயது 54, ஆண். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி.யும் சாப்பிடுகிறேன். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 118. ஆனால் சிறுநீர் ரிப்போர்ட்டில் குளுக்கோஸ் 3+, புரதம் 1+, கீட்டோன் ட்ரேஸ், நைட்ரைட் நெகட்டிவ், லூக்கோசைட் எஸ்டரேஸ் 1+ என்று வந்துள்ளது. எரிச்சலோ காய்ச்சலோ இல்லை. நோய் முற்றிவிட்டதா?

பதில்: உங்களை அச்சுறுத்திய அந்த 3+ தான் இந்த ரிப்போர்ட்டில் மிகக் குறைவாகக் கவலைப்பட வேண்டியது. பொதுவாக ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மி.கி.யைத் தாண்டினால்தான் சிறுநீரில் குளுக்கோஸ் இறங்கும். ஆனால் டாபாகிளிஃப்ளோசின், சிறுநீரகம் குளுக்கோஸை மீண்டும் உறிஞ்சிக்கொள்வதைத் தடுத்து வெளியே தள்ளுகிற மருந்து என்பதால், ரத்தச் சர்க்கரை 118 ஆக இருக்கும்போதும் சிறுநீரில் 3+ வருவது, மாத்திரை வேலை செய்கிறது என்பதையே காட்டுகிறது. இதைப் பார்த்து மருந்தின் அளவைக் கூட்டுவது தவறு.

கீட்டோன் ட்ரேஸ், இரவு முழுவதும் சாப்பிடாமல் இருந்ததால் வந்திருக்கலாம். எனினும் இந்த மாத்திரையைச் சாப்பிடுவோருக்கு, ரத்தச் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்குத் தேங்கக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், கடும் சோர்வு ஆகியவை வந்தால் குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணை நம்பி வீட்டில் இருக்காமல், மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் சென்று, ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர்ப் பட்டைப் பரிசோதனை, கீட்டோன்களில் அசிட்டோ அசிட்டேட்டை மட்டுமே காண்கிறது. அப்போது ரத்தத்தில் மிகுந்திருக்கும் இன்னொரு கீட்டோனான பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் அதில் தெரியாது.

எஸ்டரேஸ் வெள்ளணுக்கள் வெளியிடும் நொதி. நைட்ரைட் சில பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. சிறுநீர், சிறுநீர்ப்பையில் சுமார் 4 மணி நேரமாவது தங்கினால்தான் நைட்ரைட் சேரும். எல்லாக் கிருமிகளும் அதை உண்டாக்குவதுமில்லை. ஆகவே நெகட்டிவ் என்பது கிருமியே இல்லை என்பதற்குச் சான்றாகாது. ஆனாலும், தொந்தரவே இல்லாத உங்களுக்கு இந்த 1+ஐ வைத்து ஆன்டிபயாட்டிக் தருவதை நான் ஏற்கமாட்டேன். சர்க்கரை கலந்த சிறுநீரால் நுனித்தோலில் பூஞ்சைத் தொற்று வருவதுண்டு; அரிப்போ வெண்படலமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

பின்தொடர வேண்டியது புரதம்தான். 1+ என்பது ஒரு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 30 மி.கி.; காய்ச்சலிலும், கடும் உடற்பயிற்சிக்குப் பின்னும், சிறுநீர் செறிவாக இருக்கும்போதும் இது தற்காலிகமாக வரும். ஆகையால் காலை முதல் சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதத்தைப் பாருங்கள். அது ஒரு கிராமுக்கு 30 மி.கி.க்கு மேல் இருந்தால், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மேலும் இருமுறை பார்த்து, மூன்றில் இரண்டு அவ்வாறே வந்தால்தான் சிறுநீரகப் பாதிப்பு எனக் கொள்ள வேண்டும். அப்படியே ஆனாலும் டாபாகிளிஃப்ளோசினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகத்தைக் காக்கவும் அது பயன்படுகிறது.