மினிட்ஸ்ல நான் சொல்லாததை எழுதிட்டாங்க, மேனேஜருக்கு எப்படி லெட்டர் போடறது?

மேடம், நான் இங்க சிங்கப்பூர்ல ஒரு வேர்ஹவுஸ் ப்ராஜெக்ட்ல கோஆர்டினேட்டரா இருக்கேன். போன திங்கள் நடந்த டீம்ஸ் மீட்டிங்கோட மினிட்ஸ்ல "பிப்ரவரி 28-க்குள்ள முடிச்சுத் தர்றேன்னு இவர் ஒத்துக்கிட்டார், தாமதத்துக்குக் காரணம் இவரோட கோஆர்டினேஷன் சரியில்லாதது"ன்னு மேனேஜர் எழுதிட்டார். ஸ்கேனர் 14-ம் தேதிக்குள்ள வந்தா 28 முடியும்னுதான் நான் சொன்னேன், கம்பெனி ரெக்கார்டிங்ல அது இருக்கு. ஆனா கடைசியில "அப்ப 28, சரியா?"ன்னு அவர் கேட்டப்ப "ஓகே ஓகே"ன்னும் சொல்லிட்டேன். "5 வேலை நாளுக்குள்ள கமெண்ட் வரலன்னா ஏத்துக்கிட்டதா அர்த்தம்"னு கீழ போட்டிருக்கு. எப்படி எழுதறது? வேலைக்கு ஆபத்து வருமா?

முதல்ல அந்த 5 நாளைப் பாருங்க. போன திங்கள் மீட்டிங்னா கெடு நெருங்கிடுச்சு, இன்னைக்கே எழுதிடுங்க. "சும்மா இருந்தா ஏத்துக்கிட்ட மாதிரி"ன்னு மினிட்ஸ் கீழ ஒரு வரி போட்டுட்டதால மட்டும் நீங்க சட்டப்படி மாட்டிக்க மாட்டீங்க, ஆனா மூணு மாசம் கழிச்சு எச்ஆர் ரூம்ல உக்காரும்போது "அப்பவே ஏன் சொல்லல"ன்னு கேட்பாங்க பாருங்க, அந்தக் கேள்விக்கு நல்ல பதிலே கிடையாது. அதே வாரத்துல எழுதின ஒரு இமெயில், பின்னாடி எழுதற பத்துப் பக்க விளக்கத்தை விட பலமா நிக்கும்.

எழுதறதுக்கு முன்னாடி ரெக்கார்டிங்கை நீங்களே காதால கேளுங்க. டீம்ஸ் தானா டைப் பண்ற டிரான்ஸ்கிரிப்டை நம்பி கோட் பண்ணாதீங்க, நம்ம ஊர் உச்சரிப்புல "கேன்", "கான்ட்" ரெண்டும் மாறி விழறதை நானே பார்த்திருக்கேன், ஒரு "இஃப்" விட்டுப் போனா உங்க கேஸே போச்சு. நீங்க பேசின இடத்துக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி இருந்து ரெண்டு நிமிஷம் பின்னாடி வரைக்கும் கேட்டு வார்த்தைக்கு வார்த்தை எழுதி, மணி நிமிஷத்தையும் குறிச்சுக்கோங்க.

இப்ப அந்த "ஓகே ஓகே". பலபேர் இதை மறைச்சுட்டு கண்டிஷன் சொன்ன இடத்தை மட்டும் காட்டுவாங்க, அப்புறம் மேனேஜர் அதையே ப்ளே பண்ணினதும் லெட்டர்ல இருக்கற உண்மையும் சேர்ந்து செத்துடும். நீங்களே எடுத்து எழுதுங்க. கண்டிஷன் முதல்ல சொன்னது, யாரும் அதை மறுக்கல, அதுக்கப்புறம் வந்த "ஓகே" அந்தக் கண்டிஷனோட சேர்ந்ததுன்னு சொல்றது நியாயமான வாதம். ஆனா நடுவுல "ஸ்கேனர் வந்தாலும் வரலைன்னாலும்"னு அவர் ஏதாவது கேட்டு அதுக்கு நீங்க ஓகே சொல்லியிருந்தா இந்த வாதம் நிக்காது, அதுக்காகத்தான் முழுசா கேளுங்கன்னு சொல்றேன்.

அடுத்தது, உங்க மினிட்ஸ்ல ரெண்டு வேற வேற விஷயம் இருக்கு. "ஒத்துக்கிட்டார்"ங்கறது நடந்ததா இல்லையாங்கற விஷயம், அதை ரெக்கார்டிங் வச்சு காட்டலாம். "கோஆர்டினேஷன் சரியில்லை"ங்கறது மேனேஜரோட கருத்து. மீட்டிங்ல அவர் அப்படிச் சொல்லியிருந்தா அதை எடுக்கச் சொல்ல முடியாது, உங்க பதிலை பக்கத்துல போடச் சொல்லலாம். மீட்டிங்ல யாருமே சொல்லாம மினிட்ஸ்ல புதுசா முளைச்சிருந்தா, "இது பேசப்படவே இல்லை"ன்னு எடுக்கச் சொல்லுங்க. ரெண்டையும் ஒரே கோபத்துல குழப்பினா முதல் விஷயமும் பலமிழந்துடும்.

லெட்டர் ஆபீஸ்ல இங்கிலீஷ்ல போகும், சாரம் இப்படி இருக்கட்டும்:

"திங்கட்கிழமை மீட்டிங் மினிட்ஸ், பாயின்ட் 4 பத்தி எழுதறேன். ரெக்கார்டிங்ல 23:40-ல நான் சொன்னது: 'ஸ்கேனர் 14-ம் தேதிக்குள்ள வந்தா 28 முடிக்கலாம்.' 26:05-ல நீங்க '28, சரியா?'ன்னு கேட்டப்ப 'ஓகே' சொன்னேன், மேல சொன்ன நிபந்தனையை வச்சுத்தான் சொன்னேன். அதனால அந்த வரியை 'ஸ்கேனர் 14-க்குள்ள வந்தால் 28-க்குள் முடிக்கலாம் என்று கூறினார்' என்று மாத்தும்படி கேட்டுக்கறேன். கோஆர்டினேஷன் பத்தின வரி மீட்டிங்ல பேசப்பட்டதா நான் கேட்ட வரைக்கும் இல்லை, அதை நீக்கும்படி கேட்டுக்கறேன். திருத்தின மினிட்ஸை அதே ஆட்களுக்கு அனுப்பணும், ரெக்கார்டிங்கை அழிக்காம வைக்கணும்."

நிமிஷக் கணக்கு என் உதாரணம், உங்களோடதைப் போடுங்க. "பொய் எழுதிட்டீங்க", "வேணும்னே" மாதிரி வார்த்தை ஒண்ணுகூட வேண்டாம், அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு ரெக்கார்டிங் காட்டாது. மினிட்ஸ் யாருக்கெல்லாம் போச்சோ அவங்களையும் சிசி பண்ணலாம், ஆனா நான்னா முதல்ல மேனேஜருக்கு மட்டும் போடுவேன், ரெண்டு நாள்ல பதில் இல்லைன்னா எச்ஆரை சேர்ப்பேன். மினிட்ஸ் கெடு அதுக்குள்ள முடியுதுன்னா முதல் மெயில்லயே எச்ஆரை சேர்த்துடுங்க.

ரெக்கார்டிங்கை உங்க ஜிமெயிலுக்கோ போனுக்கோ அனுப்பாதீங்க, தயவுசெஞ்சு. அதுல கஸ்டமர் விவரமும் மத்தவங்க குரலும் இருக்கும், கம்பெனி ரகசியத்தை வெளிய எடுத்தீங்கன்னு உங்க மேலயே நடவடிக்கை வந்துடும். லிங்க்கும் நிமிஷமும் போதும். டீம்ஸ்ல ரெக்கார்டிங் தானா காலாவதி ஆகற வழக்கமான கெடு 120 நாள், கம்பெனி அதைக் குறைச்சும் வச்சிருக்கலாம், அதனாலதான் அழிக்காதீங்கன்னு எழுத்துல கேக்கச் சொன்னேன்.

மேனேஜர் மறுத்தா அடுத்த படி கம்பெனியோட தகவல் பாதுகாப்பு அதிகாரி, ப்ரைவேட் கம்பெனி ஒவ்வொண்ணும் அப்படி ஒருத்தரை வச்சிருக்கணும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 22-ம் பிரிவுப்படி உங்களைப் பத்தின தகவல்ல தப்பு இருந்தா திருத்தச் சொல்லலாம், திருத்த நியாயமான காரணம் இல்லைன்னு கம்பெனி நினைச்சா, "இவர் திருத்தம் கேட்டார், செய்யலை"ன்னு அந்தப் பதிவோட குறிப்பு சேர்க்கணும். அந்தக் குறிப்பே உங்களுக்குப் பாதி வெற்றி. ஆனா இந்தப் பிரிவு கருத்தை மாத்தச் சொல்லாது, அதனால "ஒத்துக்கிட்டார்" வரியை மட்டும் இதுல கொண்டு போங்க. அரசாங்க அமைப்புல வேலைன்னா இந்தச் சட்டம் பொருந்தாது.

வேலை பத்திக் கேட்டீங்க. திருத்தம் கேட்டதுக்காக யாரும் உங்களை நீக்க மாட்டாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. காரணம் சொல்லாம நோட்டீஸ் கொடுத்து அனுப்பினா எதிர்க்கறது கஷ்டம். ஆனா "டெட்லைன் ஒத்துக்கிட்டு முடிக்கலை"ன்னு காரணம் சொல்லி அனுப்பி, அந்தக் காரணம் பொய்னு நீங்க காட்டினா, அது தவறான பணிநீக்கமா எடுத்துக்கப்படும். அப்ப கடைசி வேலை நாள்ல இருந்து ஒரு மாசத்துக்குள்ள டிஏடிஎம்ங்கற வேலைத் தகராறு சமரச அமைப்புல கிளைம் போடணும், நீங்க மேனேஜர் அல்லது எக்ஸிக்யூட்டிவ் கிரேடா இருந்து நோட்டீஸோட அனுப்பினாங்கன்னா குறைஞ்சது 6 மாசம் அங்க வேலை பார்த்திருக்கணும். சமரசம் ஆகலைன்னா எம்ப்ளாய்மென்ட் கிளைம்ஸ் ட்ரிப்யூனல், அங்க என்னை மாதிரி லாயர் உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே நின்னு பேசணும். இன்னைக்கு அனுப்பப்போற மெயிலோட ஒரு பிரின்ட் எடுத்து, தேதி தெரியற மாதிரி வீட்டுல வைங்க. ரெக்கார்டிங்கையோ மினிட்ஸையோ வைக்கச் சொல்லலை, நீங்க எழுதினதை மட்டும்.