உள்விசாரணைக் குறிப்பைத் திருத்தி எழுதச் சொல்கிறார்கள், எதைத் தொடலாம்?

"ஸ்பின்னிங் மில்லில் எச்.ஆர். உதவியாளராக இருக்கிறேன். சூப்பர்வைசரைத் திட்டியதாக ஒரு தொழிலாளி மீது உள்விசாரணை நடக்கிறது, ப்ரொசீடிங்ஸ் எழுதுவது என் வேலை. முதல் அமர்வுக் குறிப்பைப் பார்த்த விசாரணை அதிகாரி, 'இதில் சாட்சி சொன்னதைவிட நீ நினைச்சதுதான் அதிகமா இருக்கு, நடுநிலையா மாத்தி எழுது' என்கிறார். எப்படி மாற்றுவது?"

முதலில் ஒன்றைச் சொல்லுங்கள், அந்தக் குறிப்பில் தொழிலாளி கையெழுத்துப் போட்டுவிட்டாரா? போட்டிருந்தால் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது, எவ்வளவு மோசமாக எழுதியிருந்தாலும் சரி. இரு தரப்பும் கையெழுத்திட்ட பக்கத்தை எடுத்துவிட்டு அழகான புதுப் பக்கம் வைத்தால் அதற்குப் பெயர் திருத்தம் இல்லை, ஆவணத்தை மாற்றுவது. அப்படியானால் திருத்தத்தை அடுத்த அமர்வில் இரு தரப்பும் இருக்கும்போது தனியாகப் பதிவு செய்ய வேண்டும், பழைய பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இன்னும் கையெழுத்தாகாத கைக்குறிப்பு என்றால் தாராளமாக நல்ல பிரதி எழுதலாம், ஆனால் கைக்குறிப்பைக் கிழித்துப் போடாதீர்கள், அதுதான் நாளைக்கு உங்களுக்கே சாட்சி.

இரண்டாவது வகை என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரியைப் பிரித்துப் பார்ப்போம். இப்படிப்பட்ட குறிப்புகள் பெரும்பாலும் இந்த ஜாடையில்தான் இருக்கும்:

"சூப்பர்வைசர் நடந்ததைத் தெளிவாக விளக்கினார். தொழிலாளி தன்னை ஆபாசமாகத் திட்டி மிரட்டியதாகக் கூறினார். குறுக்கு விசாரணையில் தொழிலாளி சம்பந்தமில்லாத கேள்விகளைக் கேட்டு நேரத்தை வீணடித்தார். கடைசியில் மழுப்பலாகப் பேசித் தவறை ஒப்புக்கொண்டார்."

'தெளிவாக', 'வீணடித்தார்', 'மழுப்பலாக' மூன்றும் போக வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். அவற்றை அடித்துவிட்டால் குறிப்பு நடுநிலையாகிவிடும் என்று நினைப்பதுதான் சிக்கல். எழுதியவரின் தீர்ப்பு அந்த அடைமொழிகளில் இருப்பதைவிட, சாதாரணமாகத் தெரியும் வினைச்சொற்களில்தான் அதிகம் உட்கார்ந்திருக்கிறது.

'ஆபாசமாகத் திட்டி மிரட்டியதாக' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்சி அப்படியா சொன்னார்? கைக்குறிப்பில் இப்படி இருந்தால்: "'நீ என்ன பெரிய புடுங்கியா, உன்னைப் பாத்துக்கிறேன்'னு சொன்னான்." இது ஆபாசமா, அவமரியாதையா, மிரட்டலா, கோபத்தில் வந்த பேச்சா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் விசாரணை அதிகாரி, அதுவும் எல்லாச் சாட்சியமும் முடிந்தபின் எழுதும் அறிக்கையில். ப்ரொசீடிங்ஸில் அந்தச் சொற்கள் அப்படியே, மேற்கோள் குறிக்குள் வர வேண்டும். எழுதக் கூச்சப்பட்டு 'தகாத வார்த்தைகளால்' என்று நாகரிகமாக்குகிறவர்கள் நிறையப் பேர், அதுவும் கருத்துதான், கொஞ்சம் பவுடர் பூசிய கருத்து. திட்டியதுதான் குற்றச்சாட்டு என்றால் திட்டிய சொல்லே இல்லாத பதிவை வைத்துக்கொண்டு குற்றம் நிரூபணமானதா இல்லையா என்று யார் பார்ப்பது?

அதனால் சாட்சியின் முதல் விசாரணையை அவரே பேசுவதுபோல் 'நான்' என்று தன்மையிலேயே எழுதுங்கள். "நான் அன்று இரண்டாம் ஷிப்டில் இருந்தேன். மெஷின் ஏன் நிற்கிறது என்று கேட்டேன். அதற்கு அவர், 'நீ என்ன பெரிய புடுங்கியா, உன்னைப் பாத்துக்கிறேன்' என்றார்." இப்படி எழுதும்போது உங்கள் சொல் நுழைவதற்கு இடமே இருக்காது, கை தானாகக் கட்டுப்படும். ஒருவருக்கு 'அவர்', இன்னொருவருக்கு 'அவன்' என்பதும் உங்கள் நடையில் வரக்கூடாது, மேற்கோளுக்குள் சாட்சியே 'அவன்' என்று சொல்லியிருந்தால் மட்டும் இருக்கட்டும்.

குறுக்கு விசாரணையைச் சுருக்கவே கூடாது, கேள்வி பதிலாகத்தான் எழுத வேண்டும். 'சம்பந்தமில்லாத கேள்விகள்' என்று ஒரே வரியில் போனது என்ன என்று கைக்குறிப்பில் தேடினால், "போன மாசம் ஓவர்டைம் விஷயமா உங்களுக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்துச்சா?" என்பது மாதிரி ஒன்று கிடைக்கும். எழுதுகிறவருக்கு அது சம்பந்தமில்லாதது. தொழிலாளிக்கோ அதுதான் எதிர்வாதமே, முன்விரோதத்தால் பொய்ப் புகார் என்று காட்டப் பார்க்கிறார். விசாரணை அதிகாரி அந்தக் கேள்வியை அனுமதிக்கவில்லை என்றாலும், கேள்வி, நிர்வாகத் தரப்புப் பிரதிநிதியின் ஆட்சேபணை, அதிகாரி என்ன காரணம் சொல்லி மறுத்தார் என்பது, மூன்றும் பதிவாக வேண்டும். தொழிலாளி எதுவுமே கேட்கவில்லை என்றால் 'குறுக்கு விசாரணை இல்லை' என்று முடிக்காதீர்கள், "குறுக்கு விசாரணைக்கு வாய்ப்பு அளிக்கப்பட்டது, கேட்க எதுவும் இல்லை என்று தொழிலாளி கூறினார்" என்று எழுதுங்கள். 'குறுக்கு விசாரணை இல்லை' என்று மட்டும் படிக்கிறவருக்கு வாய்ப்பே கொடுக்கவில்லையோ என்ற சந்தேகம் வரும்.

இப்போது எல்லாவற்றையும்விட ஆபத்தானது, 'தவறை ஒப்புக்கொண்டார்'. கைக்குறிப்பில் அவர் வாய்ச்சொல் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "கோவத்துல சத்தம் போட்டேன், அது தப்புதான். ஆனா கெட்ட வார்த்தை எதுவும் பேசல." சத்தம் போட்டதை ஏற்கிறார், திட்டியதை மறுக்கிறார், சார்ஜ் ஷீட்டில் இருப்பதோ திட்டியதுதான். ஒரு மறுப்பு உங்கள் சுருக்கத்தில் ஒப்புதலாக மாறிவிட்டது, அதுவும் நீங்கள் பொய் எதுவும் எழுதாமலே! மன்னிப்புக் கேட்டார், வருத்தம் தெரிவித்தார், ஒப்புக்கொண்டார் என்று எழுதத் தோன்றும் ஒவ்வொரு இடத்திலும் அவர் சொன்ன வாக்கியத்தையே போட்டுவிடுங்கள்.

சாட்சி தடுமாறினார், பதில் சொல்லவில்லை, அழுதார், இதையெல்லாம் எழுதலாமா என்றால், கண்ணுக்குத் தெரிந்ததை எழுதலாம், அதன் காரணத்தை எழுதக்கூடாது. "கேள்வி இரண்டு முறை கேட்கப்பட்டது, பதில் அளிக்கவில்லை" சரி. "பதில் சொல்ல முடியாமல் திணறினார்" வேண்டாம். அதையும் ஒரு தரப்புக்கு மட்டும் எழுதி, மறுதரப்புச் சாட்சி பதினைந்து நிமிடம் மௌனமாக இருந்ததை விட்டுவிட்டால் நடுநிலை போச்சு.

முழுமை என்ற பெயரில் நினைவிலிருந்து நிரப்புவது இன்னொரு வலை. கைக்குறிப்பில் இல்லாத ஒரு பதிலை 'இப்படித்தான் சொன்னார்' என்று இன்றைக்கு நல்ல பிரதியில் சேர்க்காதீர்கள், நினைவு எப்போதும் உங்களுக்குச் சம்பளம் தருகிறவர் பக்கம்தான் கொஞ்சம் சாயும். விட்டுப்போனதாகப் படுவதைத் தனித்தாளில் குறித்து விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள், அவர் தேவை என்று நினைத்தால் அந்தச் சாட்சியை மறுபடி அழைத்துக் கேட்கட்டும், தொழிலாளிக்கும் அவர்மேல் மறுபடி குறுக்கு விசாரணை வாய்ப்பு வேண்டும்.

இவ்வளவு எதற்கு என்றால், பணிநீக்கம் வரை போய் வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வந்தால் அங்கே வழக்கமாக முதலில் எழும் கேள்வி விசாரணை நியாயமாக நடந்ததா என்பதுதான். தொழிலாளியின் வக்கீல் 'மழுப்பலாக' என்ற சொல்லைச் சுட்டிக்காட்டி, முடிவை எடுத்துக்கொண்டுதான் விசாரணையே நடத்தினார்கள் என்பார். விசாரணை செல்லாது என்று ஆகிவிட்டால் நிர்வாகம் அதே சாட்சிகளை நீதிமன்றத்தில் நிறுத்தி ஆரம்பத்திலிருந்து நிரூபிக்க வேண்டிவரும், அதற்குள் அந்த சூப்பர்வைசர் வேறு மில்லுக்குப் போயிருப்பார்.

நல்ல பிரதி தயாரானதும் அதில் முந்தைய தேதியைப் போடாதீர்கள். அடுத்த அமர்வின் தொடக்கத்தில் தொழிலாளிக்கும் அவருக்கு உதவியாக வரும் சக தொழிலாளிக்கும் தமிழில் வாசித்துக் காட்டி, இப்படிப் பதிவு செய்யுங்கள்: "முந்தைய அமர்வின் கைக்குறிப்பிலிருந்து எழுதப்பட்ட நல்ல பிரதி இன்று இரு தரப்புக்கும் வாசித்துக் காட்டப்பட்டது. கைக்குறிப்பும் பார்வைக்கு வைக்கப்பட்டது. தொழிலாளி கூறிய திருத்தங்கள் கீழே உள்ளன." அவர் சொல்லும் திருத்தம் உங்களுக்குத் தவறாகப் பட்டாலும் அவர் சொன்னதாக எழுதி, நிர்வாகத் தரப்பு அதை ஏற்கிறதா மறுக்கிறதா என்பதையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் எல்லாரிடமும் கையெழுத்து, தொழிலாளிக்கு அன்றைக்கே ஒரு நகல். கையெழுத்துப் போட மாட்டேன் என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம், "கையெழுத்திட மறுத்தார், காரணம் கேட்டதற்கு இவ்வாறு கூறினார்" என்று அவர் சொன்ன காரணத்தோடு எழுதி, அங்கிருக்கும் மற்றவர்களிடம் அதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.